எண்ணெய் துடைத்த தரை

தீபாவளிக்கு நான்கு நாள் முன்னால் எங்கள் ஊர் வீட்டு அடுப்படியில் அப்பத்தா விழுந்தார். அப்போது அவருக்கு 79 வயது. இடது தொடை எலும்பு கழுத்துப் பக்கம் முறிந்துவிட்டது. அன்றைக்குத் தேன்குழலும் மனகோலமும் சுட்டுக்கொண்டிருந்தோம். எண்ணெய்ச்சட்டி அடுப்பில் காய்ந்துகொண்டிருந்தது. அது கவிழாமல் போனது எங்கள் அதிர்ஷ்டம்.

விழுந்த இடத்தில் எண்ணெய் கொட்டிக் கிடக்கவில்லை. தரை துடைத்து, கண்ணுக்குச் சுத்தமாகத்தான் இருந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன். எண்ணெய் கொட்டியிருந்தால் எல்லாரும் ஒதுங்கி நடந்திருப்போம். துடைத்துவிட்டோம் என்ற நம்பிக்கையில்தான் அப்பத்தா அங்கே கால் வைத்தார்.

முதலில் அந்தத் தரையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பழைய அடுப்படி வீட்டின் பின்பக்கமான மூன்றாம் கட்டில் இருந்தது. சொரசொரப்பான கல் பாவிய தரை. நடந்தால் பாதம் பிடிக்கும். முழங்கால் வைத்தால் தோல் சிராயும். பத்துப் பதினைந்து வருடத்துக்கு முன்னால் வீட்டைச் செப்பனிட்டபோது அடுப்படியை இரண்டாம் கட்டுக்குக் கொண்டுவந்து, ஆத்தங்குடிக் கல் பதித்தோம். எங்கள் பக்கத்தில் எந்த வீட்டிலும் அதுதான் பெருமை. கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணக் கலவையை ஊற்றி, அதன் மேல் மணலும் சிமெண்டும் நிரப்பி, தண்ணீரில் ஊற வைத்து எடுக்கும் கல் அது. கண்ணாடியை ஒட்டியிருந்த முகம் கண்ணாடி போலவே வழவழப்பாக வரும். பதித்த பிறகு உமியைப் பரப்பித் தேய்த்து மெருகேற்றுவார்கள். முற்றமான வளவிலும் கூடமான பட்டாலையிலும் அந்த மெருகைப் பார்க்கக் கண் போதாது. அடுப்படியில் அதே மெருகு வேறு கதை.

உலர்ந்திருக்கும் வரை ஆத்தங்குடிக் கல் வழுக்காது என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். வெறுங்காலுக்குக் குளிர்ச்சியாக, நன்றாகவே பிடிக்கும். அதன் மேல் ஒரு மெல்லிய ஈரமோ எண்ணெயோ வந்துவிட்டால் பாதத்துக்கும் கல்லுக்கும் நடுவே பிடிப்புக்கு எதுவும் இருக்காது. சொரசொரப்பான கல்லில் எண்ணெய் பள்ளத்தில் இறங்கும், மேடுகள் காலைப் பிடித்துக்கொள்ளும். வழவழப்பான கல்லில் பள்ளமும் இல்லை, மேடும் இல்லை. பட்டாலைத் தரையைப் பளபளக்க வைப்பதற்காகத் தண்ணீரில் கொஞ்சம் தேங்காயெண்ணெய் விட்டுத் துடைக்கும் வழக்கம் எங்கள் வீட்டிலும் உண்டு. அதே வாளியை அதே துணியோடு அடுப்படிக்கும் கொண்டுவந்திருக்கிறோம், எத்தனையோ வருடம்! இப்போது நினைத்தால் உடம்பு பதறுகிறது.

சரி, அன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

காலை ஒன்பது மணிக்குப் பலகாரம் ஆரம்பம். எண்ணெய் 15 லிட்டர் டின்னில் வந்திருந்தது. டின்னின் மூலையில் ஓட்டை போட்டு, சாய்த்துச் சட்டியில் ஊற்றினால் முதலில் குபுக் குபுக்கென்று வரும். நிமிர்த்தும்போது கடைசி எண்ணெய் டின்னின் உடம்பு வழியாக ஒழுகிக் கீழே இறங்கும். டின்னை எந்த இடத்தில் வைத்தாலும் அங்கே ஒரு வட்டம் விழும். சித்தி அந்த வட்டத்தைப் பார்த்துவிட்டு, ஈரத்துணியால் இரண்டு இழுப்பு இழுத்தார். தரை பளிச்சென்று ஆனது. இதைத்தான் நாங்கள் எல்லாரும் எல்லா நாளும் செய்வோம்.

எண்ணெய் தண்ணீரில் கரையாது. ஈரத்துணி எண்ணெயை எடுக்காமல் பரப்புகிறது. ஒரு டீஸ்பூன் எண்ணெய் என்றால் 5 மில்லி. அது ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு கனத்துக்குப் பரவினால் அரைச் சதுர மீட்டர் இடத்தை மூடிவிடும். நம் கணக்கில் ஐந்து சதுர அடிக்கும் கொஞ்சம் மேலே. கையளவு இடத்தில் திரண்டு கண்ணுக்குத் தெரிந்த எண்ணெயை, இரண்டு எட்டு தூரத்துக்குக் கண்ணுக்குத் தெரியாத எண்ணெயாக மாற்றியிருக்கிறோம். துடைக்காமல் விட்டிருந்தால் ஒருவேளை அப்பத்தா விழுந்திருக்க மாட்டார். இது என் சித்திமேல் குற்றம் சொல்வதற்காக இல்லை. அவர் கையில் துணி இருந்தது, என் கையிலும் இருந்திருந்தால் நானும் அதையேதான் செய்திருப்பேன்.

அடுத்தது தண்ணீர். எங்கள் அடுப்புமேடை ஒரு சுவரிலும், பாத்திரம் கழுவும் தொட்டி எதிர்ச் சுவரிலும் இருந்தன. பச்சரிசி ஊறவைத்துக் களைந்த ஏனம், கை கழுவிய ஈரம், அரிகரண்டியைக் கழுவி எடுத்துவந்த சொட்டு, எல்லாம் அந்த நாலடி வழியில்தான் விழும். அன்றைக்கு மதியச் சாப்பாட்டுக்குச் சோறும் வடித்தார்கள். கஞ்சி வடிக்கும்போது கொஞ்சம் தரையில் தெறித்தது. வடிகஞ்சி ஒரு தனி ஆபத்து. காய்ந்தால் மெல்லிய ஏடு மாதிரி கல்லில் ஒட்டிக்கொள்ளும், யாருக்கும் தெரியாது. அப்புறம் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலும் கொழகொழவென்று திரும்ப உயிர் வந்துவிடும். தண்ணீர் மட்டும் சிந்தினால் காற்றில் காய்ந்துவிடும். எண்ணெய்ப் படலத்தின் மேல் விழுந்த தண்ணீர் தரையில் பரவாமல் மணிமணியாக நிற்கும். அடுப்படியில் கீழே பார்க்கும்போது தண்ணீர் முத்துமுத்தாக நின்றால் அங்கே எண்ணெய் இருக்கிறது என்று அர்த்தம். இதை நான் அன்றைக்குப் பிறகுதான் கற்றுக்கொண்டேன். நாலு பேருக்குச் சொன்னதில் ஒருவருக்குக்கூட அது முன்பே தெரிந்திருக்கவில்லை.

மூன்றாவது, முக்காலி.

தேன்குழல் அச்சு பரணில் இருந்தது. அப்பத்தாவுக்கு அந்த அச்சுதான் வேண்டும், புதிதாக வாங்கியது கைக்குப் பிடிக்காது. என்னையோ சித்தியையோ கேட்டிருந்தால் எடுத்துக் கொடுத்திருப்போம். கேட்கவில்லை. தானே முக்காலியை இழுத்துப் போட்டு ஏறி, பரணுக்குக் கை நீட்டி, அச்சை எடுத்தார். அதில் அவர் விழவில்லை. இறங்கினபோதுதான் விழுந்தார். வலது கையில் பித்தளை அச்சு, இடது கையில் முந்தானை. இரண்டு கையும் வேலையாய் இருந்ததால் பிடிக்க எதுவும் இல்லை. முக்காலியிலிருந்து இறக்கிய கால் துடைத்த இடத்தில் பட்டது. பாதம் முன்னால் ஓடியது, உடம்பு பக்கவாட்டில் போனது, இடுப்பு நேராகக் கல்லில் இறங்கியது. வேகமாக நடந்தால் முன்னோக்கி விழுவார்கள், கை ஊன்றிக்கொள்வார்கள். வயதானவர்கள் மெதுவாகத் திரும்பும்போதோ இறங்கும்போதோ பக்கவாட்டில் சரிவார்கள். அதில் அடி முழுவதும் இடுப்பின் ஓரத்தில்தான் வாங்கும்.

முக்காலியைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். மூன்று கால் உள்ளது எந்தத் தரையிலும் ஆடாது என்று நமக்கு ஒரு நம்பிக்கை. ஆடாது என்பது உண்மைதான், மேடுபள்ளமான தரைக்காகவே அப்படிச் செய்தார்கள். ஆனால் ஆடாததும் கவிழாததும் ஒன்றில்லை. மூன்று கால் நுனிகளையும் கோடு போட்டு இணைத்தால் ஒரு முக்கோணம் வரும். உங்கள் எடை அந்த முக்கோணத்துக்கு உள்ளே இருக்கும் வரை அது நிற்கும். இரண்டு கால்களுக்கு நடுவே உள்ள பக்கத்தில் ஒரு சாண் சாய்ந்தாலே எடை வெளியே போய்விடும். நான்கு கால் ஸ்டூலில் அந்த இடம் இன்னும் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். பிளாஸ்டிக் ஸ்டூலின் கால்கள் எடை தாங்காமல் வெளியே விரியும், எண்ணெய்ப் பட்ட தரையில் இன்னும் வேகமாக விரியும். அதில் ஏறுகிறவருக்கு முழங்கால் வலியும் இருந்தால், இறங்கும்போது ஒரு கால் முதலில் தரையைத் தேடிப் போய் காற்றில் ஆடும். அந்த நொடியில் உடம்பு முழுவதும் மற்றக் காலில் நிற்கிறது. அப்பத்தாவுக்குப் பைஃபோகல் கண்ணாடி. குனிந்து பார்த்தால் கீழ்ப்பாதிக் கண்ணாடி கிட்டத்தில் படிப்பதற்கானது, அதன் வழியாகத் தரை மங்கலாகத் தெரியும். தரை எங்கே இருக்கிறது என்று கால்தான் கண்டுபிடிக்க வேண்டும். அந்தக் காலுக்கோ இருபது வருடச் சர்க்கரை. உள்ளங்காலில் உணர்ச்சி பாதி குறைந்திருந்தது. வழுக்குகிறது என்பதே காலுக்குத் தாமதமாகத் தெரிந்திருக்கும்.

விழுந்த பிறகு நாங்கள் செய்த தவறையும் எழுதிவிடுகிறேன். இரண்டு அக்குளிலும் கை கொடுத்துத் தூக்க முயன்றோம். அப்பத்தா "ஒண்ணுமில்லத்தா, வழுக்கிருச்சு, கொஞ்சம் இருந்தா எந்திரிச்சுருவேன்" என்றார். குரல் சரியாக இருந்தது. நாங்கள் நம்பிவிட்டோம். நிற்க வைக்கப் பார்த்தபோது ஓர் அலறல். அதற்குப் பிறகுதான் கீழே பார்த்தோம். இடது கால் வலது காலைவிடக் கொஞ்சம் குட்டையாகத் தெரிந்தது. பாதம் வெளிப்பக்கமாகத் திரும்பிக் கிடந்தது. படுத்த நிலையில் முழங்காலை மடக்காமல் காலைத் தூக்கச் சொன்னால் தூக்க முடியவில்லை. வலி தொடையில் இல்லை, அரையில், அடிவயிற்றுக்கும் தொடைக்கும் நடுவில் இருந்தது. இந்த நான்கும் சேர்ந்து இருந்தால் இடுப்பு எலும்பு முறிந்ததாகவே வைத்துக்கொள்ள வேண்டும். ஆனால் முறிந்த துண்டுகள் ஒன்றில் ஒன்று குத்திக்கொண்டு நின்றால், அந்த மாதிரி ஆட்கள் எழுந்து நாலு எட்டு நடந்தும் காட்டுவார்கள். நடக்கிறார் என்பதால் ஒன்றுமில்லை என்று முடிவு கட்டக் கூடாது. அரையில் வலி இருந்தால் படம் எடுத்துப் பார்த்துவிட வேண்டும்.

நாங்கள் முதலில் செய்திருக்க வேண்டியது அடுப்பை அணைப்பது. செய்தது என் தங்கை. அவள் மட்டும் நிதானமாக இருந்தாள். விழுந்தவர் கிடக்கும் இடத்துக்கு மேலே எண்ணெய்ச்சட்டி கொதித்துக்கொண்டிருக்கக் கூடாது, ஓடி வருகிறவர்களும் அதே தரையில்தான் வழுக்குவார்கள். அப்புறம் 108 கூப்பிட்டோம். வண்டி வரும் வரை அசைக்காமல், தலைக்கு மடித்த துணி வைத்து, போர்வை போர்த்தி, கிடந்தபடியே வைத்திருந்தோம். தண்ணீர் கேட்டார். அறுவை சிகிச்சை தேவைப்படலாம் என்பதால் கொடுக்கவில்லை, உதட்டை மட்டும் நனைத்தோம். மறுநாள் அறுவை சிகிச்சை நடந்தது. உடைந்த எலும்புத் தலையை எடுத்துவிட்டு உலோகத் தலை வைத்தார்கள். அதற்கு அடுத்த நாளே எழுந்து உட்கார வைத்தார்கள். இந்த முறிவில் நாளைத் தள்ளக் கூடாது, ஓரிரு நாளுக்குள் அறுவை முடிந்துவிட வேண்டும் என்று டாக்டர் சொன்னார். படுத்தே கிடந்தால் நுரையீரலில் சளி, படுக்கைப் புண், காலில் இரத்தக்கட்டு என்று ஒவ்வொன்றாக வந்துவிடுமாம். எலும்பை விட இவைதான் பயம்.

அப்பத்தா மூன்று வாரம் கழித்து வாக்கரோடு வீட்டுக்கு வந்ததும் முதலில் கேட்டது, "அச்சு எங்கே இருக்கு?" என்பது.

அச்சு பத்திரமாக இருந்தது. பரணுக்கு அது திரும்பவே இல்லை. அதிலிருந்துதான் நாங்கள் அடுப்படியை மாற்ற ஆரம்பித்தோம். அப்பத்தாவின் கைக்கு வேண்டிய பொருள் ஒவ்வொன்றையும் கேட்டு எழுதினேன். தேன்குழல் அச்சு, பணியாரக் கல், அதிரசம் தட்டும் வாழையிலைக்குப் பதிலாக வைத்திருக்கும் தட்டு, பெரிய அரிகரண்டி, புளிப்பானை, ஊறுகாய்ச் சாடி. இத்தனையும் அவர் நின்றால் முழங்காலுக்கு மேலே, தோளுக்குக் கீழே வரும் உயரத்தில் வந்துவிட்டன. பரணில் இப்போது கல்யாணச் சாமானும் பழைய அண்டாக்களும் மட்டும்தான். வருடத்துக்கு இரண்டு முறை எடுப்பது, அதற்கு அப்பா ஏணி போட்டு ஏறுவார். முக்காலியை அடுப்படியிலிருந்து எடுத்துத் தோட்டத்தில் வைத்துவிட்டோம். அதுதான் கடினமான வேலை. "அது எங்க மாமியா கொடுத்தது" என்று ஒரு வாரம் கோபமாக இருந்தார். முக்காலி தோட்டத்தில் வேண்டுமானால் உட்காரப் பயன்படட்டும் என்றோம். ஏறுவதற்கு ஒன்றும் தரவில்லை. அகலப்படி உள்ள, பிடி வைத்த ஸ்டூல் வாங்கலாமே என்று தங்கை சொன்னாள். கைப்பிடி உள்ளது நிச்சயம் நல்லதுதான், எனக்கும் சித்திக்கும் அதுதான் வைத்திருக்கிறோம். ஆனால் 75 தாண்டியவருக்கு, இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவருக்கு, அண்ணாந்து பார்த்தாலே தலை சுற்றுகிறவருக்கு, எந்த ஸ்டூலும் வேண்டாம் என்பதுதான் என் தீர்மானம்.

எண்ணெய் டின்னுக்கு ஒரு ஏற்பாடு. டின்னிலிருந்து நேரே சட்டிக்கு ஊற்றுவது நின்றது. முந்தின நாள், அடுப்படிக்கு வெளியே, சின்னக் கேன்களில் இறக்கிக்கொள்கிறோம். ஒரு கேன் மூன்று லிட்டருக்கு மேல் வேண்டாம், கிழவிகளுக்குக் கனக்கும். கேனின் கழுத்தில் ஒரு துணிப்பட்டை சுற்றிக் கட்டிவிட்டால் ஒழுகுகிற கடைசிச் சொட்டு அதிலேயே நின்றுவிடும். கேன், எண்ணெய்க் கரண்டி, வடிதட்டு, எல்லாம் ஓரம் உயர்ந்த ஒரு பெரிய தாம்பாளத்தில்தான் இருக்கும். சிந்தினால் தாம்பாளத்தில் சிந்தட்டும். சட்டியை முக்கால்வாசிக்கு நிரப்புவதையும் விட்டோம், பாதிதான். மனகோலம் போட்டால் எண்ணெய் நுரைத்துப் பொங்கும். பொங்கி வழிவது மேடையில் தொடங்கித் தரையில்தான் முடியும்.

தரையில் விழுந்துவிட்டால் எங்கள் ஒழுங்கு இப்போது இது. முதலில் அந்த இடத்தை ஒரு கவிழ்த்த வாளியால் மறிப்பது. அப்பத்தா உட்பட யாரும் அந்தப் பக்கம் வரக் கூடாது. பிறகு உலர்ந்த எதையாவது மேலே தூவுவது. கடலை மாவு, அரிசி மாவு, உமி, தவிடு, எது கிடைத்தாலும் சரி. இரண்டு மூன்று நிமிடம் அது எண்ணெயை உறிஞ்சட்டும். தேய்க்கக் கூடாது. அப்புறம் பழைய செய்தித்தாளால் ஓரத்திலிருந்து நடுவுக்கு வழித்து எடுக்க வேண்டும், நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளினால் வட்டம் பெரிதாகும். ஈரம் அதற்குப் பிறகுதான். வெந்நீரில் பாத்திரம் கழுவும் சோப்பைக் கரைத்துத் தேய்க்கலாம். எங்கள் வீட்டில் சீயக்காய்த் தூளை வெந்நீரில் குழைத்துத் தேய்க்கிறோம். சீயக்காய் தலை எண்ணெயை எடுப்பது போலவே கல்லின் எண்ணெயையும் எடுக்கிறது. புளியோ எலுமிச்சையோ ஆசிட்டோ மட்டும் ஆத்தங்குடிக் கல்லில் படவே கூடாது, சிமெண்டையும் வண்ணத்தையும் அரித்துவிடும். அதன் பிறகு வெறும் தண்ணீரில் இரண்டு முறை அலசி, உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். சோப்பு மிச்சமிருந்தால் அதுவே வழுக்கும், பலர் மறக்கும் இடம் இதுதான்.

முடிந்ததா என்று கண்ணால் முடிவு செய்வதில்லை. ஒரு வெள்ளைத் தாளை அல்லது டிஷ்யூவைத் தரையில் வைத்து உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்போம். எண்ணெய் இருந்தால் அந்த இடம் ஒளி ஊடுருவும், கண்ணாடித்தாள் மாதிரி ஆகும். முதல் முறை இதைச் செய்தது எண்ணெய் சிந்தாத ஒரு சாதாரண நாளில். அடுப்புக்கு முன்னால் ஒன்றரை அடிக்குள் தேய்த்த தாள் அப்படியே ஒளி விட்டது. கேட்டால் எல்லாரும் அன்றைக்கு அங்கே எதுவும் சிந்தவில்லை என்றார்கள். அது பொரிக்கும்போது ஆவியோடு எழுந்த நுண் துளிகள் வந்து படிந்தது. பலகாரம் சுட்ட மறுநாள், சிந்தாமலே தரை வழுக்கும் காரணம் அது. இப்போது பொரிக்கும் நாளில் அடுப்புக்கு முன்னால் பழைய செய்தித்தாளும் விரிப்பதில்லை, சாக்கும் போடுவதில்லை. இரண்டும் வழவழப்பான கல்லில் தாமே நகரும். ரப்பர் அடித்த விரிப்பு ஒன்று, ஓரம் மடங்காதது, அடிப்பக்கம் ஒட்டிப் பிடிப்பது. அதைப் போடுவதற்கு முன் அடித்தரை உலர்ந்திருக்கிறதா என்று பார்ப்போம். விரிப்புக்கு அடியில் ஈரம் இருந்தால் விரிப்பே வண்டியாகிவிடும்.

தண்ணீருக்காக நாங்கள் தொட்டியைச் சுவர் மாற்றி வைக்கவில்லை, செலவு அதிகம். அடுப்பு மேடையின் ஓரத்துக்கு ஒரு நீளமான குழாயை இழுத்துக்கொடுத்தோம், அடுப்பில் வைத்த பானைக்கு அங்கேயே தண்ணீர் பிடிக்கலாம். ஈர ஏனத்தைத் தூக்கிக்கொண்டு நடப்பது பாதி குறைந்தது. கஞ்சி வடிக்க அடுப்பு மேடையிலேயே ஒரு பெரிய தட்டும் வடிகலனும் வைத்துவிட்டோம், வடித்த கஞ்சி நேராகப் பானைக்குப் போகும். வேலைக்கு வரும் அக்காவிடம் பாத்திரம் கழுவியதும் தொட்டியின் கீழே உலர்ந்த துணியை ஒரு முறை இழுத்துவிடச் சொன்னோம். அவர் அதைக் கேட்டுவிட்டு, "ஆயாவுக்காகவா? சொல்லணுமா" என்றார். பிறகு எங்களை விடக் கவனமாகச் செய்கிறார்.

காலணி விஷயத்தில் நான் தோற்றேன் என்று சொல்லலாம். அடுப்படியில் செருப்பு கூடாது என்பது எங்கள் வீட்டுக் கட்டு, அப்பத்தா அதில் அசையவில்லை. சாமி படம் இருக்கும் பக்கத்தில் செருப்பா என்றார். எனக்கு அது புரிகிறது. அதனால் தெருவுக்குப் போகாத, அடுப்படிக்கென்றே வாங்கிய ரப்பர் அடி உள்ள, குதிகால் பட்டை போட்ட ஒன்றைக் கொண்டுவந்து, மஞ்சள் தண்ணீர் தெளித்து வைத்தேன். காலுக்கு வலி வந்த பிறகு அதை அணிய ஆரம்பித்தார். பட்டை இல்லாத செருப்பு வெறுங்காலை விட மோசம், கால் அதற்குள் நழுவும். சேலையின் கொசுவத்தைக் கணுக்காலுக்கு மேலே இரண்டு விரல் உயரம் வைத்துக் கட்டச் சொன்னோம். நனைந்த கொசுவம் காலடியில் மாட்டுவதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

பழைய அடுப்படியில் அப்பத்தா தரையில் மணைப்பலகை போட்டு உட்கார்ந்துதான் பொரிப்பார். உட்கார்ந்தவர் வழுக்கி விழ முடியாது. அங்கே ஆபத்து எழுந்திருக்கும் நேரத்தில் இருந்தது. தரையிலிருந்து எழுந்தால் இரத்தம் கால்பக்கம் இறங்கி, தலைக்குக் கொஞ்ச நேரம் குறையும், இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இது கூடுதல். அனல் முன்னால் ஒரு மணி நேரம் வியர்த்த பிறகு இன்னும் கூடுதல். இப்போது உலோகத் தலை வைத்த இடுப்போடு தாழ்வாக உட்காரவும் கூடாது. அதனால் கையுள்ள, ஆடாத, சக்கரம் இல்லாத நாற்காலி ஒன்றை மேடைக்குப் பக்கத்தில் போட்டோம். மாவு பிசைவது, அச்சில் நிரப்புவது, மாவை உருட்டுவது, எல்லாம் அதில் உட்கார்ந்துதான். எழுந்தால் இரு கையையும் ஊன்றி, எழுந்ததும் பத்து எண்ணிக்கை நின்றுவிட்டுத்தான் நடக்க வேண்டும். ஆனால் ஒரு விஷயத்தில் நான் உறுதியாக இருந்தேன். நாற்காலியில் உட்கார்ந்தபடி எண்ணெய்ச்சட்டி முன்னால் வேண்டாம். சட்டி தோளளவு உயரத்தில், முகத்துக்கு நேராக வந்துவிடும். கவிழ்ந்தால் மார்பிலும் மடியிலும் விழும், எழுந்து விலகவும் நேரம் இருக்காது. ஆகவே பொரிப்பது நான் அல்லது சித்தி, சொல்வது அப்பத்தா.

இந்தத் தீபாவளிக்கு அப்படித்தான் நடந்தது. நாற்காலியில் அமர்ந்து, "எண்ணெய் போதும், இன்னும் காயல. மாவைக் கிள்ளிப் போடு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். மாவு கிள்ளிப் போட்டேன், உடனே எழுந்து மிதந்தது. முதல் தேன்குழலைப் பிழிந்தது அப்பத்தாவின் அச்சில்தான். நான் பிழிந்தேன். மூன்றாவது சுற்றில் கை நடுங்கி, எண்ணெய் மேடை ஓரத்தில் சொட்டியது. அப்பத்தா, "வாளி" என்று ஒரு சொல் மட்டும் சொன்னார். தங்கை வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு கடலை மாவு டப்பாவை எடுக்கப் போனாள்.

ஒன்று மட்டும் இன்னும் சரியாகவில்லை. விடியற்காலை நாலரை மணிக்கு அப்பத்தாவுக்கு விழிப்பு வரும். காப்பித்தண்ணி போட எழுந்து, யாரையும் எழுப்பாமல், விளக்குப் போடாமல் அடுப்படிக்கு நடப்பார். வளவு சுற்றி நிலாவெளிச்சம் இருக்கும், தெரியும் என்பார். அடுப்படி நிலைப்படியின் கீழே, ஆள் வந்தால் தானாக எரியும் சின்ன விளக்கு ஒன்று மாட்டினேன். அதைப் பிடுங்கி ஒருநாள் மேசையில் வைத்துவிட்டார், கண் கூசுகிறதாம். இப்போது அதை முழங்கால் உயரத்துக்குக் கீழே, சுவர்ப்பக்கமாகத் திருப்பி மாட்டியிருக்கிறேன். தரை மட்டும் தெரிகிறது. பத்து நாளாகிறது, இன்னும் கழற்றவில்லை.